பேசிய விலை வரவில்லை. ஒப்பந்தத்திலிருந்து எப்படி வெளியே வருவது?

கேள்வி: நாங்கள் 38 விவசாயிகள், மொத்தம் 25 ஏக்கர். ஊறுகாய் வெள்ளரி பயிர் செய்து ஒரு பதப்படுத்தும் கம்பெனிக்குக் கொடுக்கிறோம். எங்கள் குழு எங்கேயும் பதிவு செய்யப்படவில்லை. ஒப்பந்தம் மூன்று பட்டத்துக்கு. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு வெற்று செக்கும் கொடுத்திருக்கிறோம். முதல் ரகம் கிலோ 32 ரூபாய், இரண்டாம் ரகம் 20 ரூபாய் என்று எழுதியிருக்கிறது. முதல் பட்டம் நன்றாகப் போனது. இந்தப் பட்டத்தில் நான்காவது வாரத்திலிருந்து, வெளிநாட்டில் விலை குறைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு, 26-ம் 16-ம்தான் தருகிறார்கள். முன்பு முதல் ரகத்தில் போன காயையும் இப்போது இரண்டாம் ரகத்தில் தள்ளுகிறார்கள். இதுவரை குறைத்த விலையில் முதல் ரகம் 41,200 கிலோ, இரண்டாம் ரகம் 28,500 கிலோ போயிருக்கிறது. விதை, உரம் வாங்கிய வகையில் நாங்கள் 1,35,000 ரூபாய் தர வேண்டும்.

இன்னும் பத்து நாள் காய்ப்பு இருக்கிறது. மூன்று வாரத்தில் அடுத்த பட்டத்துக்கு விதை தருவார்கள். எந்தத் தரப்பும் 30 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகலாம், பட்டத்தின் நடுவில் விவசாயி நிறுத்தினால் ஏக்கருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு, தகராறு வந்தால் கம்பெனி நியமிக்கும் நடுவர் பெங்களூரில் விசாரிப்பார் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவர்களே விலையை மீறியதால் ஒப்பந்தம் தானாகச் செத்துவிட்டது, நாளைக்கே காயை நிறுத்தலாம், உரப் பாக்கியும் கட்ட வேண்டாம் என்கிறார்கள் எங்களில் பாதிப் பேர். பில்லில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோமே என்று மீதிப் பேர் பயப்படுகிறார்கள். வேறு கம்பெனி ஒன்று எங்களை எடுத்துக்கொள்ளத் தயார். என்ன செய்வது?

— குழு ஒருங்கிணைப்பாளர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நாளைக்கே காயை நிறுத்த வேண்டாம். முதலில் இதைக் குழுவில் சொல்லிவிடுங்கள், காரணத்தை விளக்குகிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, இந்தக் கம்பெனியை விட்டு வெளியே வருவது. மற்றொன்று, குறைத்துக் கொடுத்த பணத்தை வாங்குவது. பணம் வர வேண்டும் என்பதற்காக ஒப்பந்தத்தை உடைக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்தால் பழைய பாக்கியும் போய்விடாது. இரண்டையும் தனித்தனியாக நடத்தினால் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் ரகத்தில் கிலோவுக்கு 6 ரூபாய் குறைவு, 41,200 கிலோவுக்கு 2,47,200 ரூபாய். இரண்டாம் ரகத்தில் 4 ரூபாய் குறைவு, 28,500 கிலோவுக்கு 1,14,000 ரூபாய். ஆக 3,61,200 ரூபாய் உங்களுக்கு வர வேண்டும். உரப் பாக்கி 1,35,000-ஐக் கழித்தாலும் 2,26,200 ரூபாய் கம்பெனிதான் தர வேண்டியது. இன்று வரைக்கும் கடன்காரர் அவர்கள்.

நாளைக்குக் காயை நிறுத்தினால் என்ன ஆகும்? பட்டத்தின் நடுவில் விலகியதாகச் சொல்லி, 25 ஏக்கருக்கு 6,25,000 ரூபாய் கேட்டு உங்களுக்கு நோட்டீஸ் வரும். அந்தத் தொகை அப்படியே கிடைத்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றமோ நடுவரோ முடிவு செய்வார்கள். அவர்களே முதலில் மீறினார்கள் என்ற பதிலும் உங்களிடம் இருக்கிறது. ஆனாலும் இன்று நீங்கள் கேட்கும் இடத்தில் இருக்கிறீர்கள், நாளை பதில் சொல்லும் இடத்துக்குப் போய்விடுவீர்கள். பத்து நாள் காய்க்காக அந்த மாற்றம் தேவையா?

இந்தப் பயிருக்கே உரிய சிக்கலும் ஒன்று இருக்கிறது, அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தக்காளி என்றால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடலாம். ஊறுகாய் வெள்ளரியை நம் ஊரில் யார் வாங்குவார்கள்? ஒரு நாள் பறிக்காமல் விட்டால் காய் பெருத்து ரகம் இறங்கிவிடுகிறது. வாங்க ஆள் இல்லாமல் செடியிலேயே போகிற காய்க்கு நஷ்டஈடு கேட்டால், நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். சட்டம் அதையும் பார்க்கிறது. புதுக் கம்பெனி இந்தப் பத்து நாள் காயை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இவர்கள் கொடுத்த விதையில் விளைந்த காயை வேறு இடத்தில் விற்றார்கள் என்ற குற்றச்சாட்டை நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும்.

ஒப்பந்தம் தானாகச் சாகாது

ஒரு தரப்பு மீறிவிட்டால் ஒப்பந்தம் தானாகவே செல்லாது என்பது நம் ஊரில் பலருக்கும் இருக்கும் எண்ணம். சட்டம் அப்படி இல்லை. எதிர்த்தரப்பு தன் கடமையை நிறைவேற்ற மறுத்தால், ஒப்பந்தத்தை முடிக்கலாமா, தொடரலாமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு வருகிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 39-வது பிரிவு இதைச் சொல்கிறது. தொடர்வதற்குச் சம்மதம் என்று சொல்லாலோ நடத்தையாலோ காட்டிவிட்டால் முடிக்கும் உரிமை போய்விடும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

தவணை தவணையாகச் சரக்குக் கொடுத்துத் தவணை தவணையாகப் பணம் வாங்கும் ஒப்பந்தத்தில் இன்னொரு கேள்வியும் வரும். சில தவணைகளுக்குப் பணம் சரியாக வரவில்லை என்றால், மொத்த ஒப்பந்தமும் உடைந்ததாகக் கொள்வதா, அந்தத் தவணைகளை மட்டும் தனி மீறலாகக் கொள்வதா? சரக்கு விற்பனைச் சட்டத்தின் 38-வது பிரிவு, ஒப்பந்த வாசகத்தையும் சூழ்நிலையையும் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒரு வாரம் பணம் குறைந்தால் மொத்தமும் உடைந்தது என்று எளிதில் வாதாட முடியாது. உங்கள் விஷயத்தில், இனிமேல் இந்த விலைதான் என்று அவர்களே எழுதி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருப்பதால் உங்கள் வாதம் பலமானது. பலமானது என்றுதான் சொல்கிறேன், நிச்சயம் என்று சொல்லவில்லை.

நிச்சயமான வழி உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கும்போது, வாதாடி ஜெயிக்க வேண்டிய வழியில் ஏன் போக வேண்டும்? 30 நாள் நோட்டீஸ் கொடுத்து எந்தத் தரப்பும் விலகலாம் என்கிறது அது. ஏக்கருக்கு 25,000 என்பது பட்டத்தின் நடுவில் நிறுத்தினால்தான். பட்டம் முடிந்து, அடுத்த பட்டத்துக்கு விதை வாங்காமல் நின்றால் அந்த அபராதத்துக்கு வேலையே இல்லை. பத்து நாளில் காய்ப்பு முடிகிறது, நல்ல நேரத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இன்று நோட்டீஸ் கொடுத்தால் 30 நாளில் முடியும், விதையோ 21 நாளில் வந்துவிடும். இடையில் இருக்கும் ஒன்பது நாளில் யாராவது ஒருவர், சும்மா கிடக்கிறதே என்று விதைப் பாக்கெட்டை வாங்கிவிட்டால், அவருக்கு மூன்றாவது பட்டம் தொடங்கிவிட்டது என்றும், ஒப்பந்தம் தொடர அவர் சம்மதித்துவிட்டார் என்றும் கம்பெனி சொல்லும். எனவே மூன்றாம் பட்டத்துக்கு விதையோ இடுபொருளோ பெறமாட்டோம், நடவும் செய்யமாட்டோம் என்று நோட்டீஸிலேயே ஒரு வரி சேருங்கள். ஃபீல்டு ஆபீசர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனால் அன்றைக்கே படம் எடுத்து, திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதி அனுப்புங்கள்.

நோட்டீஸ் யார் பெயரில்?

உங்கள் குழு பதிவு பெறவில்லை, ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் சட்டத்தின் கண்ணில் இருப்பது 38 ஒப்பந்தங்கள். குழுவின் லெட்டர்பேடில் ஒருங்கிணைப்பாளர் அனுப்பும் நோட்டீஸ் மற்ற 37 பேரையும் விடுவிக்காது. நான் கையாண்ட ஒரு விஷயத்தில் குழுத் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விலகல் கடிதம் அனுப்பினார். அவரைத் தவிர எல்லாருக்கும் எதிராக ஒப்பந்த மீறல் என்று கம்பெனி கடிதம் போட்டது. அதைச் சரிசெய்யவே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

எனவே 38 கடிதங்கள் தேவை. வாசகம் ஒன்றாகவே இருக்கலாம். பெயர், ஒப்பந்தத் தேதி, பரப்பு, அவரவர் கிலோ கணக்கு ஆகியவை மட்டும் மாறும். ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு என்ன முகவரி போட்டிருக்கிறதோ அதற்கு ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதற்கும் ஒரு நகல். வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், எழுத்து நோட்டீஸ் என்று ஒப்பந்தம் கேட்கிறது.

ஒவ்வொரு கடிதத்திலும் மூன்று விஷயம் போதும். இந்தப் பட்டத்தின் கடைசிக் காய் வரை ஒப்பந்தப்படி தருவேன். இந்த நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடிகிறது, அடுத்த பட்டம் செய்யமாட்டேன். எனக்கு வர வேண்டிய விலை வித்தியாசம் இவ்வளவு, நான் தர வேண்டிய இடுபொருள் பாக்கி இவ்வளவு, கழித்து மீதியை 15 நாளில் தர வேண்டும். விலகுவதால் இந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. இதற்கு மேல் கோபமாக எதையும் எழுத வேண்டாம். மோசடி என்ற சொல்லும் வேண்டாம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடிக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. முதல் பட்டம் முழுக்கச் சரியாகப் பணம் கொடுத்த கம்பெனி மேல் போலீஸில் புகார் கொடுத்தால், இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம்.

பில்லில் போட்ட கையெழுத்து

இந்தப் பயம் முழுக்கத் தேவையற்றது என்று சொல்லமாட்டேன். பில்லை எடுத்து வாசகத்தைப் பாருங்கள். இத்தனை கிலோ, இத்தனை ரூபாய் பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் இருந்தால் அது வெறும் ரசீது. மீதி கேட்கும் உரிமையை அது தொடாது. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி எதுவும் இல்லை என்ற மாதிரி இருந்தால் சிக்கல். வர வேண்டியதற்குக் குறைவாகப் பெற்றுக்கொண்டு கணக்கை முடித்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவு. நீங்கள் அப்படித்தான் முடித்துக்கொண்டீர்கள் என்று கம்பெனி வாதிடும். கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்ற நிலையில் போட்டோம் என்று நீங்கள் பதில் சொல்லலாம், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான்.

நான்காவது வாரத்திலிருந்து யாராவது வாட்ஸ்அப்பில் 'இந்த விலை சரியில்லை' என்று ஒரு வரியாவது எழுதியிருந்தால் அது இப்போது தங்கம். அந்த ஃபோனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், குழுவிலிருந்து வெளியேறாதீர்கள். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி, அந்தச் செய்தியின் நகலைத் தாக்கல் செய்யும்போது கூடவே ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் செய்தி இருந்த ஃபோன் கையில் இருந்தால் வேலை சுலபம்.

யாருமே எதுவும் எழுதவில்லையா? பரவாயில்லை, இன்றைக்கு ஆரம்பியுங்கள். மீதிப் பத்து நாளும் எடைச்சீட்டிலும் பில்லிலும் கையெழுத்துக்கு மேலே 'ஒப்பந்த விலை 32/20. குறைத்த விலையை ஏற்கவில்லை, மீதி பாக்கி' என்று எழுதிவிட்டுப் போடுங்கள். எழுத விடமாட்டேன் என்று ஷெட்டில் தடுத்தால், அதே வரியை அன்றைக்கே கம்பெனி எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

ரகத்தைத் தள்ளியதற்கும் சேர்த்துக் கேட்கலாமா என்று தோன்றும். பழைய காய்க்கு வேண்டாம் என்பது என் எண்ணம். விலைக் குறைப்பு எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. ஒப்பந்தமும் அவர்கள் பில்லும் போதும், பெருக்கிக் கழித்தால் தொகை வந்துவிடும். ரகம் அப்படி இல்லை. அந்தக் காய் எப்போதோ உப்புநீர் டிரம்முக்குள் போய்விட்டது, கிலோவுக்கு எத்தனை காய் நின்றது என்று இனி யாரும் எண்ண முடியாது. நிரூபிக்க முடியாததைச் சேர்த்தால் நிரூபிக்க முடிந்ததும் சந்தேகத்துக்கு ஆளாகும். வரும் பத்து நாளைக்கு மட்டும், தரம் பிரிக்கும்போது உங்களில் இருவர் முறை வைத்து நின்று, மறுக்கும் கூடையைப் படம் எடுத்து, எடைச்சீட்டில் குறித்து வாங்குங்கள்.

உரப் பாக்கியும் வெற்று செக்கும்

உரப் பாக்கியைக் கட்ட வேண்டாம் என்று சொல்பவர்கள் உங்களை ஆபத்தில் தள்ளுகிறார்கள். விலையில் கம்பெனி தவறினாலும் விதையையும் உரத்தையும் நீங்கள் வாங்கிப் பயன்படுத்தியது உண்மை. அந்தப் பாக்கி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, வர வேண்டியதில் கழித்துக்கொள்ளச் சொல்வதுதான் நேர்மையும் பாதுகாப்பும். மிச்சமான விதை, கம்பெனி கூடைகள், தராசு எது இருந்தாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள்.

உண்மையான ஆபத்து செக்கில் இருக்கிறது. வெற்று செக் என்பதால் செல்லாது என்று நினைக்காதீர்கள். கையெழுத்துப் போட்டு மனமறிந்து கொடுத்த செக்கில் மற்றதை அவர்கள் நிரப்பினாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்ற சட்டப்படியான அனுமானம் உண்டு என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அனுமானத்தை உடைக்கலாம், ஆனால் அந்தச் சுமை உங்கள் மேல். வங்கியில் சொல்லிப் பணத்தை நிறுத்தி வைத்தாலும், செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் செக் திரும்பிய வழக்கு வரக்கூடும். உங்களைக் காப்பது கணக்குத்தான். கம்பெனிதான் மீதி தர வேண்டும் என்ற கணக்கு, செக் வங்கிக்குப் போவதற்கு முன்பே ஸ்பீடு போஸ்டில் அவர்களிடம் போயிருக்க வேண்டும். அதே கடிதத்தில் செக்கைத் திருப்பித் தரும்படி அதன் எண்ணைப் போட்டுக் கேளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். கழித்துப் பார்ப்பதை மொத்தமாகச் செய்யாமல் ஆளுக்கு ஆள் செய்ய வேண்டும். மொத்தத்தில் 2,26,200 மீதி வந்தாலும், காய் குறைவாகக் கொடுத்து உரம் அதிகமாக வாங்கிய இரண்டு மூன்று பேருக்குக் கணக்கு எதிர்ப்பக்கம் நிற்கலாம். அவர்கள் அந்த வித்தியாசத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கட்டிவிடுவது நல்லது. செக் திரும்பி நோட்டீஸ் யாருக்கு வந்தாலும், கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். அந்தக் கடிதத்தை மட்டும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

பணம் தராவிட்டால்

ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாட்டில் 2019-ல் தனிச் சட்டம் வந்தது. பலர் கேள்விப்பட்ட மத்தியச் சட்டம் வேறு. 2020-ல் வந்த அது 2021-ல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. மாநிலச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது, தகராறு தீர்க்கவும் வழி வைத்திருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் பதிவானதா என்று மாவட்ட வேளாண்மைத் துணை இயக்குநர் (வேளாண் வணிகம்) அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதிவாகியிருந்தால் நீங்கள் தட்ட வேண்டிய முதல் கதவு அதுதான்.

பதிவாகவில்லை என்றால் பெங்களூர் நடுவர் விஷயம் வரும். கம்பெனி தானாகவே ஒரே நடுவரை நியமிப்பது செல்லாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் அவர்கள் ஒருவரை நியமித்துக் கடிதம் அனுப்பினால், ஏற்கவில்லை என்று உடனே எழுதுங்கள், அவர் முன்னால் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். ஆனால் நடுவர் மூலம் தீர்ப்பது என்ற ஏற்பாடு அதனால் ரத்தாவதில்லை. நீங்கள் சிவில் நீதிமன்றத்துக்குப் போனால் அந்த ஷரத்தைக் காட்டித் தடுக்கப் பார்ப்பார்கள். சராசரியாக ஆளுக்கு 9,500 ரூபாய் பாக்கிக்கு நடுவர் கட்டணம், பெங்களூர் பயணம் என்று இறங்கினால் கட்டுப்படியாகாது.

எனவே என் யோசனை, வட்ட சட்டப் பணிகள் குழுவில் 38 மனுக்களையும் ஒரே நாளில் கொடுங்கள். வழக்குப் போடாமலேயே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கக் கேட்கலாம். அங்கே முடிவானால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. குறையும் உண்டு: கம்பெனி சம்மதிக்காவிட்டால் அங்கே கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அடுத்த பட்டத்துக்கு வேறு ஊர்களில் ஆள் பிடிக்க வேண்டிய கம்பெனி, 38 நோட்டீஸ் வந்த பிறகு பேச வருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வந்தால், உரப் பாக்கியைத் தள்ளிவிடுகிறோம், மீதியை மறந்துவிடுங்கள் என்று முதலில் சொல்வார்கள். 1,35,000-ஐத் தள்ளிவிட்டு 3,61,200-ஐ முடித்துக்கொள்ளும் பேரம் அது. ஒப்புக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். செக்குகளையும் சேர்த்துக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பேச்சு முறிந்தாலும் அவசரம் இல்லை, விலைப் பாக்கிக்குக் கேட்க மூன்று வருட அவகாசம் இருக்கிறது.

புதுக் கம்பெனியுடன் 30 நாள் முடிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெளிச்சந்தையில் விலை குறைந்தாலும் இந்த விலை மாறாது என்று ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்று செக் கேட்டால், இடுபொருளின் மதிப்பை எழுதி, தேதி போட்டு, எதற்காகக் கொடுத்தது என்று ஒப்பந்தத்தில் செக் எண்ணையும் குறித்த பிறகே கொடுங்கள். அதற்கு முன்னால் இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 38 பேரின் பில்களையும் ஒரே இடத்தில் கொட்டி, ஆளுக்கு ஒரு தாளில் கிலோ, வாங்கிய பணம், வர வேண்டிய பணம், உரப் பாக்கி என்று நாலு கட்டம் போட்டு எழுதுங்கள். பில் தொலைந்தவர்களின் கணக்கை வங்கிப் பாஸ்புக்கில் வரவான தொகையை வைத்து நிரப்பலாம்.